வெள்ளைப் பவளம் செத்த பவளமா? வடக்கு குவீன்ஸ்லாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கெய்ர்ன்ஸ், டவுன்ஸ்வில் பக்கம் குடிவரும் நம்மவர்கள் முதல் வருடத்துக்குள்ளேயே படகேறி கிரேட் பேரியர் ரீஃபைப் பார்த்துவிடுகிறார்கள். திரும்பி வந்ததும் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "அங்கங்கே வெள்ளையாக இருந்ததே, அதெல்லாம் செத்துப் போனதா?" இதற்கு ஒரே பதில் கிடையாது. எங்கே வெள்ளை, எப்படிப்பட்ட வெள்ளை என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முதலில் எந்த மாதம் போனீர்கள் என்பதே முக்கியம். இங்கே கோடை டிசம்பரில் தொடங்குகிறது. ஆனால் கடல் மெதுவாகத்தான் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். அதனால் பவளம் வெளிறுவது பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஜூன், ஜூலையில் தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது போனவர் கண்ட வெள்ளைக்குக் காரணம் அனேகமாக வேறு.

பவளம் செடியுமல்ல, கல்லுமல்ல, பிராணி. சில மில்லிமீட்டர் அகலமுள்ள குழாய் போன்ற உடல், மேலே ஒரு வாய், வாயைச் சுற்றி உணர்கொம்புகள். இந்த ஒரு உயிரிக்குப் பாலிப் என்று பெயர். இங்கே அக்டோபர், நவம்பர் பௌர்ணமி கழிந்த சில இரவுகளில், பல வகைப் பவளங்கள் ஒரே நேரத்தில் முட்டையையும் விந்தையும் சிறு இளஞ்சிவப்பு உருண்டைகளாக நீரில் விடுகின்றன. கருவுற்றுப் பிறக்கும் குஞ்சு சில நாள் மிதந்து திரிந்து இடம் தேடும். மணலிலோ சேற்றிலோ பிழைக்காது. பாறைமேல் இளஞ்சிவப்பு வண்ணம் பூசியதுபோல் படர்ந்திருக்கும் சுண்ணாம்புப் பாசிதான் அதற்குப் பிடித்த இடம். ஒட்டிக்கொண்டால் ஆயுள் முழுக்க அங்கேயே.

ஒட்டியதும் கடல்நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து, தன் அடியில் சுண்ணாம்புக் கிண்ணம் ஒன்றைக் கட்டுகிறது. பிறகு இரண்டாகப் பிரிந்து, அவை மறுபடி பிரிந்து, ஆயிரக்கணக்கான பாலிப்புகள் ஒரே கூட்டமாகின்றன. உயிருள்ள சதை மேலே மெல்லிய தோல் மாதிரி மட்டுமே இருக்கும். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் வெறும் சுண்ணாம்பு. மான்கொம்புபோல் கிளைக்கும் வகைகள் நல்ல நிலையில் வருடத்துக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல்கூட நீளும். உருண்டைப் பாறை மாதிரியான வகைகள் 1 சென்டிமீட்டர் வளர்ந்தாலே நல்ல வளர்ச்சி.

ஆனால் இப்படிச் சேரும் பவளத் திட்டு, அதாவது ரீஃப், அந்த வேகத்தில் உயராது. புயல் கிளைகளை முறிக்கும், கிளிமீன்கள் சுரண்டித் தின்று மணலாகக் கழிக்கும். முறிந்த துண்டுகளும் மணலும் இடுக்குகளை நிரப்ப, மேலே சொன்ன இளஞ்சிவப்புப் பாசி அவற்றைச் சேர்த்துப் பிடித்து இறுக்கும். போனது போக மிஞ்சுவது வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான். பனியுகம் முடிந்து கடல் ஏறி வந்தபோது, மூழ்கிய பழைய சுண்ணாம்பு மேடுகளின்மேல் ஏறக்குறைய கடந்த 8,000, 9,000 வருடங்களில் வளர்ந்ததுதான் நாம் இன்று பார்க்கும் திட்டு.

சத்து அதிகமில்லாத தெளிந்த நீரில் இவ்வளவு சுண்ணாம்பு கட்டத் தெம்பு எங்கிருந்து வருகிறது? பாலிப்பின் சதைக்குள் ஒற்றைச் செல் பாசிகள் வாழ்கின்றன, ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து லட்சம் அளவுக்கு. இதை வாடகைக் குடித்தனம் என்றே சொல்லலாம். பாசிக்குத் தங்க இடமும் பாலிப்பின் கழிவிலிருந்து உரமும் கிடைக்கிறது. வாடகையாக, வெயிலில் தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பங்கைக் கொடுக்கிறது. பவளத்துக்குத் தேவையான சக்தியில் 90 சதவீதம் வரை இப்படி வரக்கூடும். பவளத்தின் பழுப்பு நிறமும் இந்தப் பாசியுடையதே.

நீர் அளவுக்கு மீறிச் சூடானால், பாசியின் உள்ளே ஒளியைப் பிடிக்கும் அமைப்பு பழுதாகிறது. வெயில் மட்டும் நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கும். பயன்படுத்த முடியாத அந்த ஒளிச்சக்தி தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்க, அவை பாலிப்பின் திசுவையே தாக்குகின்றன. உடனே பாலிப் பாசியை வெளியேற்றுகிறது. கண்ணாடி போன்ற சதை வழியே அடியிலுள்ள சுண்ணாம்பு தெரிவதைத்தான் வெளிறுதல் என்கிறோம். அந்தக் கணத்தில் பவளம் உயிரோடுதான் இருக்கிறது. பட்டினி கிடக்கிறது, அவ்வளவே. காற்றில்லாத, மேகமில்லாத, தெளிந்த நீருள்ள நாட்களில் நிலைமை மோசமாவதும், நிழல்பட்ட பக்கத்தைவிட மேற்பகுதி முதலில் வெளுப்பதும் இந்த ஒளிக் கணக்கால்தான்.

எவ்வளவு சூடு அதிகம்? ஒவ்வொரு இடத்திலும் வழக்கமாக மிக வெப்பமான மாதத்தின் சராசரியை எடுத்துக்கொள்கிறார்கள். அதைவிட 1 டிகிரி அல்லது அதற்கு மேல் ஏறிய வாரங்களை மட்டும் கூட்டுகிறார்கள். அந்தச் சராசரி 29 என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் 29.8: கணக்கில் வராது. அடுத்த நான்கு வாரம் 30.0, 30.2, 30.5, 30.3 என்றால் 1.0, 1.2, 1.5, 1.3 சேர்ந்து 5.0. கூட்டுத்தொகை 4 தாண்டினால் வெளிறுதலை எதிர்பார்க்கலாம். 8 தாண்டினால் சாவும் தொடங்கும். இடையில் மழை பெய்து ஒரு வாரம் 29.5க்கு இறங்கினால் கணக்கு ஏறாது, ஆனால் ஏற்கெனவே சேர்ந்தது அழியவும் அழியாது. 12 வாரம் கணக்கில் நிற்கும். அமெரிக்காவின் கடல், வானிலை ஆய்வு நிறுவனமான 'நோவா' இந்த வரைபடங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது.

2016இல் இது கண்கூடாகத் தெரிந்தது. வடபகுதி மிக மோசமாக வெளிறியது. தென்பகுதியைக் காப்பாற்றியது, பிஜியைத் தாக்கிய 'வின்ஸ்டன்' புயலின் மிச்சம். அது மேகத்தையும் மழையையும் கொண்டுவந்து கடலைக் குளிரவைத்தது. அந்த ஆண்டு மார்ச்சுக்கும் நவம்பருக்கும் இடையே ரீஃபின் ஆழமற்ற பகுதிப் பவளத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போனது. எல்லாம் மெதுவாகப் பட்டினியால் சாகவில்லை. மிகச் சூடான இடங்களில் வெளிறிய இரண்டு மூன்று வாரத்திலேயே வெப்பத்தால் நேரடியாகச் செத்தவை ஏராளம்.

இனி நீங்கள் பார்த்த வெள்ளைக்கு வருவோம். மான்கொம்புக் கிளையின் நுனி மட்டும் வெளுத்திருந்தால் கவலையே வேண்டாம். அது புதிதாக வளரும் இடம். கூட்டத்தின் ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று வெளுத்து, உயிருள்ள பகுதியோடு தெளிவான எல்லை தெரிந்தால், அடியில் எட்டிப் பாருங்கள்: முட்கிரீட நட்சத்திரமீன் தின்ற தழும்பாக இருக்கலாம். அங்கே சதையே இருக்காது, வெறும் எலும்பு. பக்கத்திலுள்ள பல கூட்டங்களும் ஒன்றாக, மேலிருந்து கீழாக வெளுத்திருந்தால் அது வெப்பம். முகத்தை நெருக்கமாக வைத்துப் பார்த்தால் கிண்ணங்களுக்குள் கண்ணாடிபோல் சதையும் உணர்கொம்பும் தெரியும். சில கூட்டங்கள் வெளுப்பதற்குப் பதில் ஊதா, மஞ்சள் என்று மின்னும். அழகு என்று எல்லோரும் அதைத்தான் படம் பிடிக்கிறார்கள், அதுவும் வெப்பத்தின் அடையாளமே. பழுப்புப் பச்சையாகப் பாசி நூல் படர்ந்திருந்தால் அந்த இடம் செத்துவிட்டது.

குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் 'கோரல்வாட்ச்' நிற அட்டையை வாங்கிக்கொண்டால் கண்மதிப்பை எண்ணாக்கலாம். 1 மிக வெளிர், 6 மிக அடர்த்தி. பவளத்தைத் தொடாமல் அட்டையைப் பக்கத்தில் பிடித்து, நுனியைத் தவிர்த்து, வெளிரான இடத்துக்கு ஓர் எண், அடர்ந்த இடத்துக்கு ஓர் எண். ஒரே கூட்டத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஒரு பயணத்தில் 20 கூட்டமாவது பாருங்கள். மார்ச்சில் 2 இருந்தது ஜூனில் 4 ஆனால் பாசி திரும்பி வருகிறது என்று பொருள். நிறம் திரும்பினாலும் அந்த வருடம் வளர்ச்சியும் முட்டையிடுவதும் குறைந்தே இருக்கும். செத்த இடத்தில் புதுக் குஞ்சு ஒட்டி, வேகமாக வளரும் வகைகள் மீண்டும் நிறையவே 10, 15 வருடம் வேண்டும். இங்கேயோ 2016, 2017, 2020, 2022, 2024, 2025 என்று வெளிறுதல் வந்துகொண்டே இருக்கிறது.