பழைய ஜாதகக் கட்டத்தைத் தட்டச்சில் பெயர்த்த அனுபவம்

உறவினர் ஒருவரின் ஜாதகம், ஓரங்கள் மடிந்து மை வெளிறிய கைப்பிரதியாக என்னிடம் வந்தது. பிரபவ வருடம் (1987) ஆவணி மாதம், திதி அமாவாசை, நட்சத்திரம் மகம், உதயாதி நாழிகை 12 என்று தலைப்பிலும், அதன்கீழ் ராசிக் கட்டமும் இருந்தன. கட்டத்தை யாரும் தேடிப் படிக்கத்தக்க எழுத்தாகப் பெயர்த்து வைப்பதே என் நோக்கம். பலன் பார்ப்பது அன்று.

நம் பக்கத்துக் கட்டத்தில் ராசிகள் இடம் மாறுவதில்லை. நடுவில் உள்ள நான்கு சிறு கட்டங்களை ஒன்றாக விட்டுவிட்டு, சுற்றியுள்ள பன்னிரண்டில், மேல் வரிசையின் இடக்கோடியில் மீனம், அதை அடுத்து மேஷம், ரிஷபம், வலக்கோடியில் மிதுனம் என்று வலமாகச் சுற்றி வரும். கட்டத்திற்குள் ராசியின் பெயர் எழுதப்படுவதில்லை. எந்த இடம் எந்த ராசி என்பதைப் படிப்பவரே அறிந்திருக்க வேண்டும்.

முதல் படியில் நான் தவறியது இங்கேதான். எழுத்தைப் படிக்கும் பழக்கத்தில் இடக்கோடியை மேஷம் என்று வைத்து எண்ணியதால், எல்லாக் கிரகங்களும் ஒரு ராசி முன்னால் தள்ளிப் போயின. இதில் கவனிக்க வேண்டியது, இத்தகைய பிழை பொதுவான சோதனைகளில் அகப்படுவதில்லை என்பது. ராகுவும் கேதுவும் ஒன்றுக்கொன்று ஏழாம் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தேன், இருந்தன. சூரியனை விட்டுப் புதன் ஒரு ராசிக்கு மேல் விலகவில்லையே என்று பார்த்தேன், விலகவில்லை. எல்லாம் ஒன்றாக நகரும்போது அவற்றின் இடைவெளி மாறாது ஆகையால், இவ்விரண்டும் சரியாகவே காட்டும். பிழையைக் காட்டிக்கொடுத்தது மாதம். ஆவணியில் சூரியன் சிம்மத்தில் இருக்க வேண்டும், என் படியிலோ கன்னியில் இருந்தார். மகம் முழுவதும் சிம்மத்தில் அடங்கிய நட்சத்திரம் ஆதலால், சந்திரனும் அதே பிழையை உறுதி செய்தார்.

கட்டங்களைச் சரியாக வைத்த பின் அடுத்த சிக்கல் குறுஞ்சொற்களில் இருந்தது. எழுதியவர் சிம்மத்தில் ஐந்து கிரகங்களை நெருக்கி, ‘சூ ச செ பு சு’ என்று எழுதியிருந்தார். விருச்சிகத்திலும் ஒற்றை ‘ச’ இருந்தது. ஒன்று சந்திரன், மற்றொன்று சனி. எழுத்தின் வடிவத்தைக் கொண்டு முடிவு செய்யாமல் தலைப்பை நாடினேன். மகம் என்றிருப்பதால் சிம்மத்தில் உள்ளது சந்திரன்; அமாவாசை என்பதால் அவர் சூரியனை ஒட்டியே இருக்க வேண்டும், அதுவும் பொருந்தியது. ஆகவே விருச்சிகத்தில் உள்ளது சனி. சூரியனுக்கும் சுக்கிரனுக்கும் உள்ள வேறுபாடு ஒரு குறில் நெடில் மட்டுமே என்பதால், என் படியில் ‘சுக்’ என்று விரித்து எழுதுகிறேன். மேஷத்தில் ‘குரு’ என்பதன் அருகில் இருந்த ‘வ’ வக்ரத்தைக் குறிக்கிறது. அது கிரகம் அன்று.

லக்கினத்தை ‘ல’ என்று துலாத்தில் எழுதியிருந்தார். உதயத்தில் லக்கினம் சூரியன் நிற்கும் சிம்மமாகவே இருக்கும். ஒரு ராசிக்கு ஏறக்குறைய 5 நாழிகை என்று கொண்டால், சிம்மத்தில் எஞ்சிய பாகமும் கன்னியும் கடந்து 12 நாழிகையில் துலாம் வருவது இயல்பே.

கோடுகளால் சதுரம் வரைந்து பார்த்தேன். தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல் இல்லாததாலும், ‘செவ்’ போன்ற சொல் திரையில் காண்பதை விட அதிகமான குறியீடுகளால் ஆனதாலும், கோடுகள் நேராக நிற்கவில்லை. எனவே இடைவெளியை நம்பாமல் ராசியின் எண்ணையும் பெயரையும் ஒவ்வொரு கட்டத்திலும் எழுதிவிட்டேன். வரிசை மட்டும் கைப்பிரதியில் உள்ளபடியே இருக்கிறது.

```
12 மீனம்: ரா | 1 மேஷம்: குரு(வ) | 2 ரிஷபம்: - | 3 மிதுனம்: -
11 கும்பம்: - | நடு | 4 கடகம்: -
10 மகரம்: - | நடு | 5 சிம்மம்: சூ சந் செவ் பு சுக்
9 தனுசு: - | 8 விருச்சிகம்: சனி | 7 துலாம்: ல | 6 கன்னி: கே
```

காலியான கட்டத்தில் சிறுகோடு இடுவதை விடக் கூடாது. இல்லாவிட்டால் அது வெறுமையா, விடுபட்டதா என்று பின்னர் தெரியாது. கடைசியில் ஒன்பது கிரகங்களும் லக்கினமும் சேர்ந்து பத்துக் குறிகள் வருகின்றனவா என்று எண்ணினேன், வந்தன. அம்சக் கட்டம் இன்னும் மீதம் இருக்கிறது. அதில் சூரியனுக்கும் மாதத்திற்கும் தொடர்பில்லை ஆகையால், கட்டத்தின் தொடக்கத்தைச் சரிபார்க்க மாதம் உதவாது. அதற்குக் கிரகங்களின் பாகைகளோ நட்சத்திர பாதங்களோ தேவை; கைப்பிரதியின் அடியில் மங்கிய எழுத்தில் உள்ள பாதசாரத்தை முதலில் படித்தெடுக்க வேண்டும்.