சொல்லச் சொல்ல உருண்ட வாளி: மொழிபெயர்ப்புத் தேர்வுக்கு ஒரு குழந்தைக் கதையைத் தயாரித்த அனுபவம்

மொழிபெயர்ப்புப் பட்டயப் படிப்பின் செய்முறைத் தாளில், ஏறத்தாழ முந்நூறு சொற்கள் கொண்ட ஆங்கிலக் குழந்தைக் கதை ஒன்றை மூன்று மணி நேரத்தில் தமிழாக்க வேண்டும். முதல் மாதிரித் தேர்வில் நான் மிகக் குறைந்த மதிப்பெண்ணே பெற்றேன். அந்தக் கதையை இராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாலை நேரப் பாடம் படிக்க வரும் ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டித் திருத்தியபோதுதான் பிழைகள் எங்கே இருந்தன என்று புரிந்தது. இதே தாளை எழுதப்போகிறவர்களுக்கு அந்தத் திருத்தங்களின் வரலாறு உதவும் என்று எழுதுகிறேன்.

பயிற்சிக்காக ஆசிரியர் எழுதித் தந்த கதை அது. குன்றின் உச்சியிலிருந்து ஒரு தகர வாளி உருளுகிறது. கோழி, ஆடு, நாய், பாட்டி என ஒவ்வொருவராக அதைத் துரத்துகிறார்கள். ஒவ்வொருவர் சேரும்போதும், “டவுன், டவுன், டவுன் த ஹில், த பக்கெட் வுட் நாட் ஸ்டாண்ட் ஸ்டில்” என்ற இரண்டு வரிகள் திரும்ப வருகின்றன. கடைசியில் வாளி குளத்தில் விழுந்து, “அட் லாஸ்ட் த பக்கெட் ஸ்டுட் ஸ்டில்” என்று கதை முடிகிறது.

நான் முதலில் எழுதியது இது: “கீழே, கீழே, கீழே குன்றில், வாளி நிற்கவே இல்லை.” பொருள் பிழையில்லை, ஆனால் வாசித்தபோது பிள்ளைகள் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. அடுத்ததாக வரிகளின் இறுதியை ஒன்றாக்க முயன்று, “வாளி குன்றில் உருண்டது, கோழி பின்னே விரைந்தது” என்று எழுதினேன். அதுவும் எடுபடவில்லை. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வருவதால், ‘அது’ என்ற ஒலி இத்தகைய வாக்கியங்களில் எல்லாம் தானாகவே அமைந்துவிடுகிறது. எங்கும் கிடைக்கும் ஒலியைக் காது தனியாகக் கவனிப்பதில்லை. ஆங்கிலத்தில் வரியின் வாலில் இருக்கும் இனிமையைத் தமிழில் வரியின் தலைக்குக் கொண்டுவர வேண்டும், அதாவது இயைபை நம்பாமல் எதுகையை நம்ப வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த எண்ணத்தில், “புரண்டு புரண்டு வாளி வருது, மிரண்டு மிரண்டு கோழி வருது” என்று எழுதினேன். பிள்ளைகள் உடனே கூடச் சொன்னார்கள். நானும் மகிழ்ந்து மேலே மொழிபெயர்த்துக்கொண்டு போனேன். முடிவுக்கு வந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. மூலத்தில் ‘நிற்கவில்லை’ என்று நான்கு முறை கேட்டவர்களுக்குத்தான் ‘நின்றது’ என்ற ஒரு சொல் இன்பம் தருகிறது. என் வரிகளில் நிற்பது என்ற பேச்சே இல்லை. வாளி குளத்தில் நின்றுவிட்டது என்று நான் வாசித்து முடித்ததும், ஒரு சிறுமி, “அக்கா, அப்புறம்?” என்று கேட்டாள். கதை முடிந்துவிட்டது என்பதையே அந்தக் குழந்தையால் உணர முடியவில்லை. ஆகவே திரும்ப வரும் தொடரை மொழிபெயர்ப்பதற்கு முன், அது கடைசி முறை எப்படி மாறுகிறது என்று கதையின் இறுதிப் பகுதியை முதலில் படித்துவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் என் விடையை மாற்றியதுபோல் வேறெதுவும் மாற்றவில்லை.

பிறகு மூலத்தின் ‘வுட் நாட்’ என்பதை மீண்டும் பார்த்தேன். அது வெறும் எதிர்மறை அன்று. நிற்க மாட்டேன் என்ற பிடிவாதம் அதில் இருக்கிறது. பிடிவாதம் என்றால் யாரோ ஒருவர் சொல்லி, அதை வாளி கேட்காமல் இருக்க வேண்டும். அந்த வழியில் போனபோது இந்த வரிகள் கிடைத்தன:

நில்லு நில்லு என்றது கோழி;
சொல்லச் சொல்ல உருண்டது வாளி!

முடிவில்:

நில்லு என்று சொல்லவே இல்லை;
மெல்ல மெல்ல நின்றது வாளி!

நில்லு, சொல்ல, மெல்ல ஆகிய மூன்றிலும் இரண்டாம் எழுத்து ‘ல்’ என்பதால் எதுகை முடிவு வரை தொடர்கிறது. ஒவ்வொரு வரியிலும் நான்கு சீர்கள் இருப்பதால் கைதட்டிச் சொல்ல முடிகிறது. கோழியின் இடத்தில் ஆடு எளிதாகப் பொருந்தியது. நாய் என்பது ஓரசையாக நின்று தாளத்தைக் குறைத்ததால் ‘நாயும்’ என்று எழுதினேன். பாட்டிக்கு ‘என்றாள்’ என்று மாற்றினாலும் தாளம் கெடவில்லை. எங்கள் பகுதிப் பிள்ளைகளின் வாயில் கோழியும் வாளியும் ஒரே ஒலியில் முடிந்தன. அது நல்ல கூடுதல் வரவு என்றாலும், ழகரமும் ளகரமும் வேறு என்பதால் அதை எதுகைக்கு மாற்றாகக் கொள்ளவில்லை.

கோழி பேசுவது மூலத்தில் இல்லை என்று தேர்வாளர் கேட்கலாம். குன்று, கீழே என்ற சொற்களும் இந்த இரண்டு வரிகளிலிருந்து போய்விட்டன. அவற்றை முந்தைய வாக்கியத்தில், “சரிவில் இன்னும் கீழே போனது வாளி” என்று சேர்த்துவிட்டேன். விடையுடன் தர வேண்டிய விளக்கக் குறிப்பில் எதை விட்டேன், எங்கே ஈடுசெய்தேன், ஏன் பேச்சைச் சேர்த்தேன் என்று மூன்று வாக்கியங்களில் எழுதிவிட்டால் அது பிழையாகக் கருதப்படாமல், தெரிந்தே எடுத்த முடிவாகக் கருதப்படும்.

ஒலிச்சொற்களில் என் தவறு வேறு வகையானது. மூலத்தில் ‘ராட்டில்’, ‘க்ளாட்டர்’ என இரண்டு சொற்கள் இருந்தன; இரண்டுக்கும் ‘கடகட’ என்றே எழுதியிருந்தேன். அகராதியைப் புரட்டித் தீர்வு கிடைக்காததால், பழைய தகர வாளி ஒன்றை எங்கள் மாடிப்படியில் உருட்டிக் கேட்டேன். வாளியின் உடல் படியில் மோதி உருளும் ஒலி கடகட. தளர்ந்த கைப்பிடி ஆடி அடிக்கும் ஒலி லொடலொட. தெருவில் தண்ணீர் லாரிக்கு முன் வரிசையில் நிற்கும் பிளாஸ்டிக் குடங்களையே பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தகர ஒலி அவ்வளவு பழக்கமில்லை. ஆகவே “கைப்பிடி லொடலொடவென ஆட, வாளி கடகடவென உருண்டது” என்று ஒலிக்குரிய பொருளையும் வாக்கியத்தில் வைத்தேன். ஆங்கிலத்தில் ஒலிச்சொல்லே வினையாக நிற்கும். தமிழில் அது ‘என’ என்பதைச் சேர்த்துக்கொண்டு ஒரு வினையைத் தழுவி நிற்பதே இயல்பு. குளத்தில் விழும் இடத்தில் மட்டும் “தொபுக்கடீர்!” என்பதைத் தனி வரியாக, வினையே இல்லாமல் விட்டேன், ஏனெனில் அங்கே ஓட்டம் முடிகிறது.

மும்முறை வரும் ‘டவுன்’ போன்றவற்றில் எண்ணிக்கையைக் காப்பாற்ற வேண்டியதில்லை. இரட்டைக்கிளவி பிரிந்து இசைக்காது என்பது தொல்காப்பிய விதி. கடகட என்பது இரட்டையாகவே பொருள் தரும், அதை மூன்றாக்கினால் ஒரு ‘கட’ தொங்கும். நில்லு நில்லு என்பது அடுக்குத்தொடர் என்பதால் அதை மூன்று முறையும் சொல்லலாம்.

தேர்வு நாளில் முதல் இருபது நிமிடங்களை உதடசைத்துப் படிப்பதற்கும், திரும்ப வரும் தொடர்களைக் கட்டமிடுவதற்கும், ஒலிச்சொற்களின் கீழ்க் கோடிடுவதற்கும் ஒதுக்கினேன். அடுத்த நாற்பது நிமிடங்களில் இறுதி வரியையும் திரும்ப வரும் தொடரையும் மட்டும் எழுதி முடித்தேன். உரைநடைப் பகுதி அதன் பிறகு வேகமாக வந்தது. எழுதும்போது ஒரு பழைய பள்ளிப் பழக்கம் குறுக்கிடும்: ஒரே சொல்லைத் திரும்ப எழுதக் கூடாது என்று கட்டுரைக்குக் கற்றதால், கை தானாகவே ‘உருண்டது’ என்பதை ‘விரைந்தது’ என்றும் ‘பாய்ந்தது’ என்றும் மாற்றும். அதற்காகவே கட்டமிட்ட இடங்களை முடிவில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். வாளிக் கதையிலும் ஆட்டுக்குரிய வரியில் ‘ஓடியது’ என்று எழுதியிருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்துத் திருத்தியிருந்தேன்.

திருத்திய வடிவத்தை மாடியில் வாசித்த அன்று, ஆடு வந்தபோதே இரண்டு பிள்ளைகள் “சொல்லச் சொல்ல” என்று எனக்கு முன்னால் தொடங்கிவிட்டார்கள்; பாட்டி வந்தபோது எல்லோரும் சொன்னார்கள். “மெல்ல மெல்ல நின்றது வாளி” என்றதும் அதே சிறுமி, “நின்னுடுச்சு!” என்று கத்தினாள்.