கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா

ஜனவரி 9, 2025, வியாழன்

வங்கியில் செலான் நிரப்ப வேண்டியிருந்தது. கைப்பையில் பேனா இல்லை, மேசையில் நூலில் கட்டியிருந்த பேனாவிலும் மை தீர்ந்திருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவரின் சட்டைப் பையில் இரண்டு பேனாக்கள் தெரிந்தன. "ஐயா, பேனா கொஞ்சம் தர்றீங்களா? ஒரு செலான் எழுதிட்டு இங்கேயே தந்துடுறேன்" என்றேன். மூடியைக் கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் நீட்டினார். என் அப்பாவும் இப்படித்தான் கொடுப்பார். மூடியில்லாத பேனாவை யாரும் மறந்துபோய்ப் பையில் செருகிக்கொள்ள மாட்டார்கள், அது தானாகத் திரும்பி வந்துவிடும்.

எழுதும்போது அந்த 'கொஞ்சம்' மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பேனாவுக்கு ஏது கொஞ்சமும் நிறையவும்? உங்களுக்குக் கொடுக்கும் சிரமம் கொஞ்சம்தான் என்று அதில் சொல்லிவிடுகிறோம். 'தயவுசெய்து' என்பதை நாம் பலகைகளில் படிக்கிறோம். முகம் தெரியாதவரிடம் வாயால் சொன்னால் கெஞ்சுவது போலவோ, பொறுமை இழந்து சொல்வது போலவோ கேட்கிறது. 'குடுங்க' என்பதில் மரியாதை உண்டு, ஆனால் அது ஏவல். 'தர்றீங்களா' என்று ஆகாரத்தில் முடிக்கும்போதுதான் அவர் 'இல்லையே' என்று சொல்ல இடம் கிடைக்கிறது.

ஜனவரி 10, வெள்ளி

தஞ்சாவூர் ரயில், ஸ்லீப்பர் பெட்டி. அம்மாவுடன் போகிறேன். சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிட்டேன், போனில் 4 சதவீதம்தான் இருந்தது. எதிர் சீட்டில் இருந்தவரை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டுவிட்டேன். அவருக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கலாம், அவ்வளவுதான். அவர் முகம் சட்டென்று மாறியது. எனக்குச் சங்கடமாகிவிட்டது. 'அக்கா' என்றிருக்க வேண்டும். வயது பிடிபடவில்லை என்றால் முறை சொல்லாமல் "ஏங்க, ஒரு நிமிஷம்" என்று தொடங்குவதே நல்லது.

"டைப்-சி சார்ஜர் இருக்குங்களா? ஒரு பத்து நிமிஷம் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டேன். எந்த முனை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் சீட்டுக்கு அடியிலிருந்து பையை இழுத்துத் திறந்து தேடிய பிறகு பொருந்தாது என்று தெரியவரும். நல்லவேளை, பொருந்தியது. பத்து நிமிஷம் ஆனதும் 11 சதவீதத்திலேயே கழற்றி நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "இன்னும் ஏறட்டும்மா, என் போன்ல நிறைய இருக்கு" என்றார். நான் சொன்ன நேரத்துக்குக் கழற்றியதால்தான் அவருக்கு அப்படிச் சொல்லத் தோன்றியது என்று நினைக்கிறேன்.

ஜனவரி 11, சனி

காலையிலேயே பெரிய கோயிலுக்குப் போய்விட்டோம். சந்நிதி கிழக்கு நோக்கியது, அதனால் காலை வெயில் விமானத்தின் முகப்பில் நேராக விழும். சாயங்காலம் நந்திப் பக்கமிருந்து எடுத்தால் சூரியன் விமானத்துக்குப் பின்னால் போய்விடுகிறது, கல்லும் முகமும் கறுத்துப்போகும்.

அம்மாவோடு சேர்ந்து நிற்க ஒரு படம் வேண்டும். போன முறை கேட்டபோது அவசரமாகப் போய்க்கொண்டிருந்த ஒருவரிடம் போனைக் கொடுத்தேன். எங்கள் இருவரையும் தெளிவாக எடுத்திருந்தார், 216 அடி விமானம் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. அவர் மேல் தப்பில்லை, என்ன வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

இந்த முறை, தன் குடும்பத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்காகக் காத்திருந்தேன். அவருக்கு அவசரமில்லை, கையில் பழக்கமும் இருக்கிறது. அதற்குள் அம்மாவை நிற்கவைத்து, போனைச் செங்குத்தாகப் பிடித்து, குத்துக்காலிட்டு, கலசம் தெரிகிற மாதிரி நானே ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். அப்புறம்தான் அவரிடம் போனேன். "அண்ணா, எங்களை ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா? இதே மாதிரி, மேல கலசம் வரணும்" என்று அந்தப் படத்தைக் காட்டி, கேமராவைத் திறந்தபடியே கொடுத்தேன். படத்தைப் பார்த்ததும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் அவரும் குத்துக்காலிட்டார். மூன்று படங்கள். மூன்றிலும் கலசம் இருக்கிறது. "உங்க எல்லாரையும் சேர்த்து ஒண்ணு எடுக்கட்டுமா?" என்றேன். அதுவரை எந்தப் படத்திலும் இல்லாமலிருந்த அவர் ஓடிப்போய்ப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்றுகொண்டார்.

கிளம்பும் நேரம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா தோளைத் தொட்டார். "பிள்ளை, ஒருக்கா எங்களை ஒரு படம் எடுத்துத் தாறியளா?" நம் 'கொஞ்சம்' உட்காரும் இடத்தில் அவர்களுக்கு 'ஒருக்கா'. என் அம்மா அந்தச் சொல்லைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நான் மறுபடி குத்துக்காலிட்டேன்.