ஓர் எழுத்து வித்தியாசத்தில் போக இருந்த பத்தாயிரம்

எங்கள் வீட்டில் வங்கித் துண்டுகளும் பற்றுச்சீட்டுகளும் ஒரு பழைய பிஸ்கற் ரின்னுக்குள் கிடக்கும். 2025 செப்ரெம்பரில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அந்த ரின்னை மேசையில் கவிழ்த்துவிட்டு, 2024/2025 மதிப்பீட்டு ஆண்டுக்கான வருமான வரி விபரத்திரட்டை முதன்முறையாக நானே நிரப்ப உட்கார்ந்தேன். அதற்கு முந்தைய வருடம் நண்பர் ஒருவர் நிரப்பித் தந்தார். அவர் என்ன எழுதினார் என்று நான் வாசித்துப் பார்க்கவில்லை, கையெழுத்து மாதிரி ஒரு பொத்தானை அழுத்தியதோடு சரி.

எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும். அலுவலகக் கடிதம் விளங்கும். ஆனால் வரி இங்கிலீஷ் வேறு. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையச் சேவைக்குள் TIN இலக்கத்தையும் PIN ஐயும் கொடுத்து நுழைந்து, விபரத்திரட்டைத் திறந்தால், நிரப்ப வேண்டிய ஒவ்வொரு பெட்டிக்கும் Cage என்று பெயர். கூண்டு. உள்ளே போனால் வெளியே வர ஏலாது என்று சொல்லாமல் சொல்கிறார்களோ என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

என் கணக்கு பெரிய கணக்கு இல்லை. சம்பளம் மாதம் ஒன்றரை இலட்சம், அதாவது வருடத்துக்கு 1,800,000 ரூபா. இரண்டு நிலையான வைப்புகள், அவற்றின் வட்டி. பிறகு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அம்மா எனக்கு எழுதித் தந்த சின்ன வீடு. அதில் கம்பஸ் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள், மாதம் 20,000.

சம்பளப் பகுதி சுகம். வேலை செய்யும் இடத்தில் T.10 என்ற சான்றிதழ் தருவார்கள். ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து அடுத்த மார்ச் 31 வரை எவ்வளவு தந்தார்கள், அதில் எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று இரண்டும் அதில் இருக்கும். எனக்கு மாதம் 3,500 வீதம் 42,000 பிடித்திருந்தார்கள். அந்த வருடத்துக்குத் தனிநபர் கழிவு 1,200,000. மிச்சம் ஆறு இலட்சத்தில் முதல் ஐந்து இலட்சத்துக்கு 6 வீதம், மேலே உள்ள ஒரு இலட்சத்துக்கு 12 வீதம். முப்பதாயிரமும் பன்னிரண்டாயிரமும், 42,000 சரி. இந்த ஒரு பகுதியை மட்டும் கடதாசியில் போட்டுப் பார்த்ததால் வந்த தெம்பில் மற்றப் பகுதிகளை விறுவிறு என்று நிரப்பிக்கொண்டு போனேன்.

வட்டிக்கு 190,000 என்று எழுதினேன். வாடகை 240,000. வாடகையில் கால்வாசியைத் திருத்த வேலைகளுக்கென்று கழிக்கலாம் என்பது எனக்குத் தெரியும். அதனால் கழித்து 180,000 என்று போட்டேன். கீழே கழிவுகள் பகுதியில் வாடகைக்கு ஒரு பெட்டி இருந்தது. அதிலும் 180,000 இன் கால்வாசியாக 45,000 போட்டேன். வரி வரவு என்ற பகுதியில் APIT என்று ஒரு பெட்டி. அதில் 42,000. அதற்குக் கீழே AIT என்று இன்னொரு பெட்டி. அதையே திரும்பக் கேட்கிறார்கள் என்று நினைத்து வெறுமையாக விட்டேன். கடைசியில் இன்னும் கட்ட வேண்டியது 39,000 என்று வந்தது.

ஏறக்குறைய நாற்பதாயிரம் வரும் என்று நான் மனதில் ஒரு கணக்கு வைத்திருந்தேன். முப்பத்தொன்பது வந்ததும் ஆள் குளிர்ந்துவிட்டேன். அனுப்பும் பொத்தான் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. எங்கள் ஒழுங்கையில் அது புதினமில்லை. அதுவரை நிரப்பியதைச் சேமித்து வைத்திருந்தபடியால் தப்பியது.

அடுத்த நாள் காலை, பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் இளைப்பாறிய கணக்காளர் அண்ணையிடம் போனேன். திருத்தச் சொல்லிப் போகவில்லை, முடித்துவிட்டேன் என்று சொல்லத்தான் போனேன். அவர் ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"தம்பி, வங்கி உம்மட வட்டியில வெட்டினதை எங்க எழுதினனீர்?"

"அது வங்கியே வெட்டிக் கட்டிப்போட்டுதே அண்ணை. அதோட முடிஞ்சுதுதானே?"

"முடியேல்லை. அது முற்பணம். வட்டியையும் காட்ட வேணும், வெட்டினதையும் காட்ட வேணும். போய் ஒவ்வொரு பகுதியாத் தமிழில எழுதிக்கொண்டு வாரும். எனக்கு இல்லை, உமக்கு."

யாழ்ப்பாணத்தில் பாதிப் பேர் என்னைப் போலத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வருடம் வங்கி ஐந்து வீதம் வெட்டியதும் அந்த வட்டியின் பேச்சு அதோடு முடிந்தது என்று. அந்த ஐந்து வீதம் உங்கள் முழு வரியில் ஒரு பகுதியை முன்கூட்டியே வாங்கி வைப்பது மட்டும்தான். அந்த வருடம் உங்கள் வருமானம் 12 வீதப் படியில் நின்றிருந்தால், மிச்ச ஏழு வீதத்தை நீங்கள் கட்ட வேண்டியிருந்தது. வருமானம் கழிவுக்குள் அடங்கினால், வெட்டியது உங்களுக்குத் திரும்ப வர வேண்டிய காசு.

வீட்டுக்கு வந்து ஒரு கொப்பியை எடுத்தேன். ஒவ்வொரு பகுதியின் தலைப்பையும், என் தொகை இருக்கும் பெட்டிகள் என்ன கேட்கின்றன என்பதையும் தமிழில் ஒரு வசனமாக எழுதினேன். சொல்லுக்குச் சொல் பெயர்க்கவில்லை. "இந்தப் பெட்டி என்னிடம் என்ன கேட்கிறது?" என்று கேட்டு, அதற்குப் பதிலாக எழுதினேன். வசனம் எழுத வராத பெட்டி எனக்கு விளங்காத பெட்டி. அந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

முதல் நின்ற இடம் வட்டி. அட்டவணையில் Gross என்று ஒரு நிரல் இருந்தது. நான் எழுதியது கணக்குப் புத்தகத்தில் விழுந்த காசு. கொப்பியில் எழுதும்போது, "வரி வெட்ட முதல் வங்கி எனக்குத் தந்த முழு வட்டி" என்று வசனம் வந்தது. எழுதிய கையோடு பிழை தெரிந்துவிட்டது. வங்கிச் சான்றிதழ்கள் இரண்டையும் ரின்னிலிருந்து தேடி எடுத்தேன். ஒன்றில் 120,000 வட்டி, வெட்டியது 6,000. மற்றதில் 80,000, வெட்டியது 4,000. ஆக முழு வட்டி 200,000. சான்றிதழ் கையில் இல்லாவிட்டாலும் அந்த வருடத்துக்கு இதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது: கைக்கு வந்த தொகையை 0.95 ஆல் பிரித்தால் முழுத் தொகை வரும். 190,000 ஐப் பிரித்தால் 200,000 நேராக வருகிறது. 2025 ஏப்ரலிலிருந்து வெட்டு 10 வீதமாகிவிட்டதால், அடுத்த விபரத்திரட்டுக்கு 0.9 ஆல் பிரிக்க வேண்டும். ஆனால் விபரத்திரட்டில் எழுதச் சான்றிதழே வேண்டும்.

இரண்டாவது இடம்தான் எனக்கு வெட்கமான இடம். APIT க்கு நேரே "சம்பளத்தில் வேலை தருபவர் பிடித்த வரி" என்று எழுதினேன். AIT க்கு நேரே எழுத எனக்கு வசனம் வரவில்லை. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், P மட்டும்தான் இல்லை. அந்த P தனிநபர் என்பதற்கு நிற்கிறது. முதலாவது முற்பணத் தனிநபர் வருமான வரி, சம்பளத்தோடு சேர்ந்தது. இரண்டாவது வெறும் முற்பண வருமான வரி, வங்கி வட்டியில் வெட்டிய அதே ஐந்து வீதம். இதே பேச்சைத் தமிழில் பேசியிருந்தால் "சம்பளத்தில வெட்டினது, வட்டியில வெட்டினது" என்று சொல்லியிருப்போம். யாருக்கும் குழம்பாது. சுருக்கெழுத்தாகப் பக்கத்தில் பக்கத்தில் வந்தபோது கண் இரண்டையும் ஒன்றாக வாசித்துவிட்டது. அந்த வெறும் பெட்டி என் பத்தாயிரம் ரூபா.

மூன்றாவது வாடகை. வருமானப் பகுதியில் "பிள்ளைகள் தந்த முழு வாடகை" என்று வசனம் வந்தது. கழிவுப் பகுதியில் "வாடகையில் கால்வாசி" என்று வந்தது. இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தமிழில் பார்த்ததும், நான் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை என்று இரண்டு தரம் கழித்திருக்கிறேன் என்பது பளிச்சென்று தெரிந்தது. மேலே 240,000, கீழே 60,000 என்று மாற்றினேன்.

இப்போது கணக்கை முதலிலிருந்து போட்டேன். சம்பளம், வட்டி, வாடகை மூன்றும் சேர்ந்து 2,240,000. தனிநபர் கழிவும் வாடகைக் கழிவும் போனால் 980,000. முதல் ஐந்து இலட்சத்துக்கு 30,000, மிச்சம் 480,000 க்கு 12 வீதப்படி 57,600. மொத்த வரி 87,600. சம்பளத்தில் வெட்டிய 42,000 உம் வட்டியில் வெட்டிய 10,000 உம் போக, கட்ட வேண்டியது 35,600.

முதல் வந்தது 39,000, சரியானது 35,600. வித்தியாசம் வெறும் 3,400 தான். ஆனால் உள்ளே பார்த்தால், வரிக்குரிய வருமானத்தை 55,000 ரூபா குறைத்துக் காட்டியிருக்கிறேன், அதனால் வரி 6,600 குறைந்திருக்கிறது. மறுபக்கம் என் சொந்தக் காசு 10,000 ஐக் கேட்காமல் விட்டிருக்கிறேன். ஒரு பிழை மற்றப் பிழையை மூடிக்கொண்டு, கடைசித் தொகை நான் எதிர்பார்த்த மாதிரியே வந்து நின்றிருக்கிறது. கடைசித் தொகையை மட்டும் பார்த்து யாரும் இதைப் பிடித்திருக்க மாட்டார்கள், நான் உட்பட. வருமானத்தைக் குறைத்துக் காட்டியது பின்னர் அகப்பட்டால், "எனக்கு இங்கிலீஷ் விளங்கவில்லை" என்று சொல்லிப் பார்க்கலாம், யார் கேட்பது.

சொத்து, கடன் பகுதிக்கு அவ்வளவு நேரம் போகவில்லை. ஒரேயொரு இடத்தில் கை தவறியது. வங்கி மீதியை அன்றைக்குப் போனில் பார்த்து எழுதிவிட்டேன். அங்கே வேண்டியது மார்ச் 31 இல் இருந்த மீதி. கொப்பியில் திகதியையும் சேர்த்து வசனம் எழுதியபடியால் அதுவும் பிடிபட்டது.

திகதி என்றதும் இன்னொன்று. விபரத்திரட்டை அனுப்பக் கடைசி நாள் நவம்பர் 30. ஆனால் காசு கட்டக் கடைசி நாள் செப்ரெம்பர் 30. இரண்டும் ஒன்று என்று நினைத்து நவம்பர் வரை காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய வருடம் நானும் அந்த ஆள்தான்.

கொப்பியை அண்ணையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கி வைத்து, மூன்று பக்கத்தையும் சத்தமாக வாசித்தார். வாடகைக்கு வந்ததும் நின்றார்.

"பிள்ளையள் பன்னிரண்டு மாசமும் தந்தவங்களோ?"

தந்தவர்கள். வாங்கிய திகதிகளையும் தொகையையும் மனைவி கலண்டரில் எழுதி வைத்திருந்தாள். கைக்கு வந்ததைத்தான் காட்ட வேண்டும் என்றார், ஒரு மாதம் தராமல் விட்டிருந்தால் அந்த 20,000 ஐ எழுதக்கூடாது. கொப்பியை மூடித் தந்தபோது, "அடுத்த முறை வாடகைக்கும் வட்டிக்கும் தவணையாக் கட்டும், ஓகஸ்ட் 15 இல தொடங்கும்," என்றார்.

அன்று பின்னேரம் கரண்ட் இருந்தது. கொப்பியைப் பக்கத்தில் விரித்து வைத்து, திரையில் உள்ள ஒவ்வொரு தொகையையும் பென்சிலால் ஒரு புள்ளி குத்திக் குத்தி ஒப்பிட்டேன். எல்லாப் புள்ளியும் விழுந்த பிறகு அனுப்பினேன். ஏற்றுக்கொண்டதற்கான பத்திரத்தை அச்செடுத்து, இரண்டு வங்கிச் சான்றிதழ்களோடும் T.10 ஓடும் சேர்த்துக் கிளிப் போட்டு ரின்னுக்குள் வைத்தேன். திங்கட்கிழமை 35,600 ஐக் கட்டினேன். கட்டும்போது வரியின் வகையையும் எந்த ஆண்டுக்கு என்பதையும் இரண்டு தரம் வாசித்தேன். அங்கேயும் இங்கிலீஷ்தான்.