27.9 என்று எழுதியது யாருடைய நீளம்?

ஆம்பூரில் ஒரு சிறிய காலணி விற்பனை அலுவலகத்தில் வேலை. ஆன்லைனில் போகும் ஒவ்வொரு ஷூவுக்கும் விவரம் எழுதுவது என் பொறுப்பு. தோல் என்ன, சோல் என்ன, நிறம் என்ன என்பதெல்லாம் எழுத அரை மணி நேரம் போதும். அளவு அட்டவணைக்கும் அதன் கீழே வரும் மூன்று வரிக் குறிப்புக்கும்தான் இன்றைக்கும் ஒரு முழு நாள் எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் காரணம் பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒரு போன்.

பேசியவர் பள்ளி ஆசிரியர். "தம்பி, நான் எப்பவும் 9 இல்லேன்னா 10 போடுறவன். உங்க சார்ட்டுல 8க்கு நேரா 27.9 செ.மீ.ன்னு போட்டிருந்தீங்க. என் கால் 27.8. சரி, இது பெரிய சைஸா வர்ற ஷூ போலன்னு 8 வாங்கினேன். விரல் உள்ளேயே போகல" என்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை, அதுதான் இன்னும் உறுத்தியது. சொந்த அனுபவத்தை ஒதுக்கிவிட்டு நான் எழுதிய எண்ணை நம்பியிருக்கிறார்.

அந்த 27.9 எங்கிருந்து வந்தது? தொழிற்சாலை அனுப்பிய தாளில் இருந்ததை அப்படியே எடுத்து 'கால் நீளம்' என்று தலைப்பிட்டுப் போட்டிருந்தேன். தாளை எடுத்துக்கொண்டு லாஸ்ட் அறையில் முப்பது வருடமாக இருக்கும் பாயிடம் போனேன். லாஸ்ட் என்பது ஷூ தைக்கப்படும் அச்சு. முன்பு மரத்தில் இருந்தது, இப்போது பிளாஸ்டிக். அந்த அச்சின் மேல் தோலை இழுத்து ஒட்டித்தான் ஷூ உருவம் பெறுகிறது. பாய் தாளைப் பார்த்ததும், "தம்பி, இது அச்சோட நீளம். அச்சு அளவுக்கே கால் இருந்தா நடக்கிறது எப்படி?" என்று கேட்டு, 8ஆம் எண் அச்சை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அன்றைக்கு அவர் சொன்ன கணக்கைத்தான் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நாம் இந்தியாவில் பயன்படுத்துவது பிரிட்டிஷ் எண்முறை. அதில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மி.மீ. பெரியவர்களுக்கான எண்ணோடு 25ஐக் கூட்டி மூன்றால் வகுத்தால் அச்சின் நீளம் அங்குலத்தில் வரும். 8ஐ எடுத்துக்கொண்டால் 33ஐ மூன்றால் வகுத்து 11 அங்குலம், 27.9 செ.மீ. காலுக்கு முன்னால் விரல் நகர இடம் வேண்டும், நடக்கும்போது கால் கொஞ்சம் முன்னே சரியும். அதற்காக, மூடிய வட்ட முனை ஷூவில் ஒன்றரை செ.மீ. அளவுக்குக் கழித்தால், 8ஆம் எண்ணுக்கு ஏற்ற கால் நீளம் 26.4 வரைதான். 9க்கு 27.3, 10க்கு 28.1. ஆசிரியரின் 27.8க்கு 10தான் சரி. வழக்கமாக அவர் போட்டதில் பெரியதும் அதுதான்.

ஐரோப்பிய எண்ணோடு ஒப்பிடும் அட்டவணைகளிலும் இதே மாதிரி ஒரு குழி உண்டு. அங்கே ஒரு எண்ணின் படி 6.67 மி.மீ., நம்முடையது 8.47 மி.மீ. 8க்கும் 42க்கும் அச்சு நீளம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அங்கிருந்து மேலேயோ கீழேயோ போகப் போக இரண்டும் விலகும், 7 என்பது 40க்கும் 41க்கும் நடுவே விழும். முழு எண்ணில் 41 என்று எழுதினால் ஒரு பிராண்டில் சரியாக இருக்கும், அடுத்ததில் இருக்காது. அதனால் ஒப்பீட்டு எண்ணை முதல் பத்தியில் வைக்காமல் கால் நீளத்தை முதலில் வைக்கிறேன், அதுவும் 'இந்த நீளம் வரை' என்ற வடிவத்தில்.

அட்டவணை சரியானாலும் வாங்குபவர் காலை அளக்கத் தெரியாமல் அளந்தால் பயன் இல்லை. முன்பு 'காலை அளந்து பாருங்கள்' என்று ஒரு வரியோடு விட்டுவிடுவேன். பலர் காலைச் சுற்றிக் கோடு போடும்போது பென்சிலைச் சாய்த்து உள்ளே நுழைத்துவிடுகிறார்கள், அதனால் நீளம் அரை செ.மீ. வரை குறைந்து வருகிறது, அதாவது அரை எண்ணுக்கு மேல். இப்போது இப்படி எழுதுகிறேன்: மாலையில் அளக்கவும், நின்றபடி, குதிகால் சுவரை ஒட்டி, எடை முழுவதும் அந்தக் காலில் இருக்கட்டும். நீளமான விரலின் நுனியில் பென்சிலை நேராக நிறுத்திக் குறிக்கவும். அது பெருவிரலாகவே இருக்க வேண்டியதில்லை, பலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுக்கவும். ஷூவோடு போடப்போகும் சாக்ஸைப் போட்டுக்கொண்டு அளந்தால் இன்னும் நல்லது.

நீளப் பிரச்சினை இதோடு ஓரளவு அடங்கியது. அகலம் வேறு கதை.

லேஸ் இல்லாத ஒரு லோஃபர் விற்றோம், முனை லேசாகக் கூர்மை. அதற்கு வந்த கருத்துகளைப் படித்தால் தலை சுற்றும். ஒருவர் 'சின்னதா இருக்கு' என்பார், அடுத்தவர் 'பெரிசா இருக்கு, குதிகால் கழண்டு வருது' என்பார், எண் ஒன்றுதான், ஷூ ஒன்றுதான். முதலில் அச்சில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். திரும்பி வந்த ஜோடிகளை மேஜை மேல் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது.

ஷூவைப் போட்டு நாலு அடி நடந்தாலே தோலில் மடிப்பு விழும். அந்த மடிப்பு, ஷூவின் அகலமான இடத்தில், கால் மடங்கும் மூட்டுக்கு மேலே விழ வேண்டும். 'பெரிசு' என்று சொன்னவர்களின் ஷூக்கள் பலவற்றில் மடிப்பு அந்த இடத்துக்குப் பின்னால், நாக்குப் பக்கமாகத் தள்ளி விழுந்திருந்தது. அப்படியென்றால் கால் நீளத்துக்கு ஷூ நீளம் அதிகம், கால் மடங்கும் இடமும் ஷூ மடங்கும் இடமும் பொருந்தவில்லை. ஒரு சிலரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எனக்கு அகலமான கால், அதனால எப்பவும் ஒரு நம்பர் கூடவே வாங்குவேன்" என்றார்கள். 'சின்னது' என்று சொன்னவர்களிடம் கேட்டபோது நீளம் சரியாகத்தான் இருக்கிறது, சுண்டுவிரல் பக்கம்தான் பிடிக்கிறது என்றார்கள். ஆக இரண்டு வகைப் புகாருக்கும் வேர் ஒன்றுதான், அந்த லோஃபரின் அச்சு ஒடுக்கம்.

ஒரு எண் கூட்டி வாங்கினால் ஏன் பாதிதான் தீர்கிறது என்பதைப் பாயிடம் கேட்டேன். எண் ஒன்று ஏறினால் விரல் மூட்டுப் பகுதியைச் சுற்றிய அளவு சுமார் 6 மி.மீ. கூடும், நீளமும் 8 மி.மீ.க்கு மேல் கூடும். அதே எண்ணில் அகலப் பிரிவு ஒன்று ஏறினாலும், அதாவது எஃப்பிலிருந்து ஜிக்குப் போனாலும், சுற்றளவு ஏறக்குறைய அதே 6 மி.மீ.தான் கூடும், ஆனால் நீளம் அப்படியே நிற்கும். அகலமான கால்காரருக்குத் தேவை இந்த இரண்டாவது. அது கடையில் கிடைக்காததால் முதலாவதை வாங்கி, குதிகாலில் வழுக்கலைப் பொறுத்துக்கொள்கிறார். லேஸ் இருந்தால் இறுக்கிக் கட்டிச் சமாளிக்கலாம், லோஃபரில் அதற்கும் வழி இல்லை.

நம் ஊர்க் கால்கள் அகலம் என்பது தொழிலில் எல்லோரும் வாய்மொழியாகச் சொல்லி வந்ததுதான். அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலும் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கால்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியர்களுக்கென்று தனி அளவுமுறை வேண்டும் என்ற முயற்சி அது. அது கடைகளில் முழுதாக வரும்வரை, ஐரோப்பிய ஏற்றுமதிக்குச் செய்த அச்சிலேயே உள்ளூருக்கும் தைக்கிற ஷூக்களுக்கு, வாங்குபவரிடம் நாம்தான் சொல்லியாக வேண்டும்.

லோஃபருக்குக் குறிப்பு மாற்றி எழுதியபோது முதலாளி தயங்கினார். "ஒடுக்கம்னு நாமளே எழுதினா யாரு வாங்குவா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். திரும்பி வந்த ஜோடிகளில் மடிப்பு விழுந்தவற்றைத் தனியாக எடுத்து அவர் முன் வைத்தேன். மடிப்பு விழுந்த ஷூவைப் புதிது என்று மறுபடி அனுப்ப முடியாது, போக வரக் கூரியர் செலவும் நம் தலையில். கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, எழுது. ஆனா பயமுறுத்துற மாதிரி எழுதாத" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு பாடம் இருந்தது. 'சிறியதாக வரும்' என்று எழுதினால் எல்லோரும் ஒரு எண் கூட்டுவார்கள், ஒல்லிக் கால்காரரும் கூட்டுவார், அவருக்கு ஷூ கழன்று போகும். எந்த இடம், யாருக்கு, என்ன செய்யலாம் என்று மூன்றையும் சொன்னால்தான் குறிப்பு வேலை செய்யும். கடைசியில் எழுதியது இது:

"நீளம் அட்டவணைப்படி சரியாக வரும். விரல் மூட்டுப் பகுதியில் வழக்கத்தைவிட ஒடுக்கம். 8ஆம் எண்ணுக்குக் காலின் அகலமான இடம் 10 செ.மீ.க்கு மேல் இருந்தால் சுண்டுவிரலில் பிடிக்கும். ஒரு எண் கூட்டி வாங்க வேண்டாம், குதிகால் கழலும். எங்களிடம் உள்ள வட்ட முனை லேஸ் ஷூ உங்களுக்குப் பொருந்தும்."

அந்த 10 செ.மீ. எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்தது அல்ல. தொழிற்சாலையில் கால் நீளம் 26லிருந்து 26.4க்குள் இருக்கும் மூன்று பேரைத் தேடிப் பிடித்தோம். ஒருவர் கால் அகலம் 9.6, இன்னொருவர் 10, மூன்றாமவர் 10.5. மூவரும் 8ஆம் எண்ணைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினார்கள். முதலாமவருக்குக் கச்சிதம். இரண்டாமவருக்கு இறுக்கம், ஆனால் வலி இல்லை. மூன்றாமவர் பத்து நிமிடத்தில் கழற்றிவிட்டார், சுண்டுவிரல் மூட்டில் சிவந்திருந்தது. அதனால்தான் 10 என்று எல்லை போட்டோம். மூன்று பேரை வைத்துப் போட்ட எல்லை என்பதால், புகார் வரும்போதெல்லாம் அகலத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன்.

'போடப் போட விரியும்' என்று எழுதுவதை மட்டும் மிகவும் யோசித்துத்தான் செய்கிறேன். நல்ல தோல், அதிலும் ஸ்வேட், அகலத்தில் கொஞ்சம் இடம் கொடுக்கும். நீளத்தில் கொடுக்காது. விரல் முனையில் இடிக்கிற ஷூ ஒரு வருடம் போட்டாலும் இடிக்கும். ரெக்சின் மாதிரியான செயற்கைத் தோல் அகலத்திலும் பெரிதாக விரியாது. ஒரே லோஃபரை நாங்கள் கறுப்புத் தோலிலும் பழுப்பு ஸ்வேட்டிலும் விற்கிறோம், இரண்டுக்கும் ஒரே குறிப்பை ஒட்டியதில்லை. ஸ்வேட்டுக்கான எல்லை 10.2.

பொள்ளாச்சி ஆசிரியருக்கு 10ஆம் எண் அனுப்பினோம், கூடுதல் கூரியர் காசு வாங்கவில்லை. கிடைத்ததும் கால் போட்டோவும் எடுத்து அனுப்பியிருந்தார், மடிப்பு விழ வேண்டிய இடத்தில் விழுந்திருந்தது. போன வாரம் அதே லேஸ் ஷூவின் அடுத்த சரக்கு வந்தது. உள் லைனிங்கில் இந்த முறை பஞ்சு சேர்த்திருக்கிறார்கள், கையை விட்டுப் பார்த்தாலே தெரிகிறது. அச்சு மாறவில்லை, உள்ளே இடம் மாறிவிட்டது. பாய் 8ஆம் எண்ணில் ஒரு ஜோடியை எனக்காக எடுத்து வைத்திருக்கிறார், நாளைக்கு அந்த மூன்று பேரையும் மறுபடி மாடிப்படிக்குக் கூப்பிட வேண்டும்.