பிரஷர் மாத்திரையும் என் ஈறும்

தண்டையார்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 51. பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் கொடுத்தார்கள். இறங்கவில்லை என்று இரண்டு மாதத்தில் 10 ஆக்கினார்கள். அந்த வாரத்திலிருந்தே மதியமானால் முகமும் காதும் சிவந்து எரியும். மாதவிலக்கு நிற்கிற வயசு, அதுதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அயர்ன் பாக்ஸ் சூடு என்றார் வீட்டுக்காரர்.

ஐந்தாவது மாதம் ஈறு ஆரம்பித்தது. மேல் முன்பற்களுக்கு நடுவில் இருக்கும் சதை அரிசி மணி மாதிரி உருண்டு, பல் மேல் ஏறியது. வலி கிடையாது, பிரஷ் பட்டால் ரத்தம். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் தேய்த்தேன். அதுதான் தப்பு. அழுக்கு தங்கத் தங்க வீக்கம் கூடியது.

பல் டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லும் முன்பே, "என்ன மாத்திரை போடுறீங்க?" என்று கேட்டார். அட்டையைக் காட்டினேன். இந்த வகை மாத்திரை ரத்தக் குழாயை விரிக்கும், முகம் சிவப்பது அதனால் என்றார். சிலருக்கு ஈறில் பழைய நார்ச்சதை கரையாமல் சேர்ந்துகொண்டே போகுமாம். பல்லில் அழுக்கு இருந்தால் அது இன்னும் வேகமாக வளருமாம். இதே வகையைச் சேர்ந்த நிஃபெடிபின் மாத்திரையில் இது இன்னும் அதிகம் என்றார்.

"நீங்களா நிறுத்திடாதீங்க, பிரஷர் எகிறிடும்" என்று சொல்லி, பிரஷர் டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர் டெல்மிசார்டன் 40-க்கு மாற்றினார். சில வாரத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்க ரத்தப் பரிசோதனை எழுதினார். முகச் சிவப்பு பத்து நாளில் போனது.

ஈறு அவ்வளவு சீக்கிரம் அடங்கவில்லை. இரண்டு தடவை ஸ்கேலிங் செய்தார்கள். அப்புறம் பல் தேய்க்கவே புதிதாகக் கற்றுக்கொண்டேன். மென்மையான பிரஷை ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் சாய்த்து வைத்து, அழுத்தாமல் சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். ரத்தம் வரும் இடத்தைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இரவில் பல் இடுக்குக்கென்று விற்கும் குட்டி பிரஷ். முதல் வாரம் வாஷ்பேசின் சிவப்பாகத்தான் இருந்தது, இரண்டாவது வாரம் குறைந்துவிட்டது.

வாய் கொப்பளிக்க குளோர்ஹெக்சிடின் மருந்து 10 மில்லி, காலையும் இரவும், இரண்டு வாரம் மட்டும். பேஸ்ட் போட்ட உடனே கொப்பளித்தால் மருந்து சரியாக வேலை செய்யாது, அரை மணி நேரம் விட வேண்டும். பல் கொஞ்சம் பழுப்பாகும், டீ குடித்தால் இன்னும் மோசம். அந்தக் கறை பிறகு கிளினிக்கில் போய்விட்டது.

மாத்திரை மாற்றி மூன்றாவது மாதம் பார்த்தபோது ஈறு பெரும்பாலும் சுருங்கியிருந்தது. ஒரு இடுக்கில் மட்டும் கெட்டியாக நின்றுவிட்டது. அதை மரத்துப்போகும் ஊசி போட்டு வெட்டி எடுத்தார்கள், இருபது நிமிஷ வேலை. முதலிலேயே வெட்டியிருக்கலாமே என்றேன். "பழைய மாத்திரையோட வெட்டியிருந்தா திரும்ப வளர்ந்திருக்கும்மா" என்றார்.