எரிந்த மண்டபமும் ஆறாயிரம் வெள்ளி முன்பணமும்

சிங்கப்பூரில் தங்கை கல்யாணத்துக்குப் பதிவு செய்திருந்த மண்டபம், முகூர்த்தத்துக்கு ஐந்து வாரம் இருக்கையில் தீயில் போய்விட்டது. மேல்தளத்தில் வேறொருவருடைய கடையில் பிடித்த தீ. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. மண்டபம், சாப்பாடு, மேடை அலங்காரம் எல்லாம் சேர்த்து 12,000 வெள்ளிக்குப் பேசி, 6,000 வெள்ளி முன்பணம் கட்டியிருந்தோம். பணத்தைக் கேட்டபோது மண்டபத்தார் ஒப்பந்தத்தின் ‘ஃபோர்ஸ் மஜூர்’ பிரிவைக் காட்டினார்கள். தீ, வெள்ளம் போன்றவற்றால் சேவை தர முடியாமல் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல, ஆகவே முன்பணம் கிடையாது, வேண்டுமானால் ஆறு மாதம் கழித்து வேறு தேதி தருகிறோம் என்றார்கள்.

சமூக மன்றத்தில் நடக்கும் இலவச சட்ட ஆலோசனைக்கு அந்தத் தாளை எடுத்துப் போனேன். வழக்கறிஞர் அம்மா இரண்டு முறை படித்துவிட்டு, “தம்பி, ‘பொறுப்பல்ல’ன்னு இருக்கு. வாங்கின பணத்தை வச்சுக்கலாம்னு எங்கே இருக்கு?” என்று கேட்டார். எங்கேயும் இல்லை. இந்த வழக்கின் உயிர் அந்தக் கேள்வியில்தான் இருந்தது.

ஃபோர்ஸ் மஜூர் என்பது இரு தரப்பும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளும் ஏற்பாடு. அதில் என்ன எழுதியிருக்கிறதோ அவ்வளவுதான் செல்லும். முன்பணம் திரும்பாது என்று தெளிவாக எழுதியிருந்தால் எங்கள் பாடு கஷ்டமாகியிருக்கும். எங்கள் தாளில் இருந்த வாசகமோ, மண்டபத்தார்மீது நஷ்டஈடு கேட்பதை மட்டுமே தடுத்தது. பணத்தைப் பற்றி ஒப்பந்தம் பேசாமல் விட்ட இடத்தில் சிங்கப்பூரின் 1959ஆம் ஆண்டு ‘ஃபிரஸ்ட்ரேட்டட் காண்ட்ராக்ட்ஸ்’ சட்டம் வருகிறது. யாருடைய தவறுமில்லாமல் ஒப்பந்தம் நிறைவேற்ற முடியாததாகிவிட்டால், அதற்கு முன் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கலாம்; கட்டவேண்டிய மீதியைக் கட்டத் தேவையில்லை.

ஆனால் நிறைவேற்றவே முடியாமல் போய்விட்டதா, வெறும் தாமதமா என்பதை முதலில் நிறுவவேண்டும். செலவு கூடிவிட்டது, சிரமமாகிவிட்டது என்பதெல்லாம் போதாது. இந்தோனீசியா 2007இல் மணல் ஏற்றுமதியை நிறுத்தியதால் எழுந்த ஒரு கான்கிரீட் வழக்கை அந்த அம்மா சொன்னார். இரு தரப்பும் இந்தோனீசிய மணலை மனத்தில் வைத்தே ஒப்பந்தம் செய்திருந்ததால் அது முடிந்துபோனதாக மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. எங்களுக்கு அந்த மணலின் இடத்தில் முகூர்த்தத் தேதி. ஒப்பந்தத்திலேயே தேதியும் நேரமும் ‘திருமணம்’ என்ற சொல்லும் இருந்தன. ஆறு மாதம் கழித்துக் கிடைக்கும் மண்டபம் நாங்கள் பேசிய மண்டபம் ஆகாது.

தீ அவர்கள் சமையலறையில், அவர்கள் அலட்சியத்தால் பிடித்திருந்தால் கதையே வேறு. அது ஒப்பந்த மீறல், நஷ்டஈடும் கேட்டிருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு எங்களுடையது. தீ மேல்தளத்தில் தொடங்கியது தெரிந்ததால் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சாப்பாடும் அலங்காரமும் சேர்ந்த சேவை என்பதால், 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை ஏற்கும் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் இணையம் வழியே பதிந்தேன். அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது, நாமே பேசவேண்டும். ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீது, தேதியை மாற்ற மறுத்து நாங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றை இணைத்தேன்.

பதிவாளர் முன் நடந்த ஆலோசனையில் உண்மையான பேரம் செலவைப் பற்றியதுதான். பணம் வாங்கியவர், ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்காகத் தீ பிடிக்கும் முன்பே செய்த செலவை, நீதிமன்றத்துக்கு நியாயம் என்று தோன்றினால் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அது தானாகக் கிடைக்கும் உரிமை அல்ல. செலவைக் காட்டவேண்டியதும் அவர்தான். மண்டபத்தார் 2,750 வெள்ளிக்குக் கணக்கு காட்டினார்கள். அதில் 900 வெள்ளி அலங்காரக்காரருக்குக் கொடுத்தது. ரசீதில் தீக்கு முந்தைய தேதி இருந்தது, எங்கள் மேடைக்கென்றே செய்த வேலை. நான் மறுக்கவில்லை. மீதி 1,850 மாத வாடகையும் ஊழியர் சம்பளமும். நியாயமான அளவு நிர்வாகச் செலவையும் சட்டம் ஏற்கும் என்றாலும், எங்கள் கல்யாணம் இல்லாவிட்டாலும் அவர்கள் கட்டியிருக்கவேண்டிய வாடகை அது. சாப்பாட்டு ருசி பார்க்க ஏற்பாடு செய்த வேலைக்காக 200 வெள்ளி ஒப்புக்கொண்டேன். 1,100 கழித்து 4,900 வெள்ளி தருவதாக அங்கேயே எழுதிக் கையெழுத்தானது.

புது மண்டபத்துக்குக் கூடுதலாகச் செலவான 3,000 வெள்ளியைத்தான் கேட்கவே முடியவில்லை. என் அம்மாவுக்கு அது ஆறவேயில்லை. ஆனால் ஒப்பந்தம் இப்படி முடியும்போது இரு தரப்பும் விடுபடுகிறார்கள். அவர்கள் எங்களிடம் மீதி 6,000 கேட்க முடியாதது எப்படியோ, நாங்களும் அவர்களிடம் நஷ்டஈடு கேட்க முடியாது.

புது மண்டபத்தாரிடம் கையெழுத்துப் போடுமுன் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: குறித்த தேதியில் மண்டபம் தர முடியாமல் போனால், எந்தக் காரணமானாலும், ரசீது உள்ள செலவை மட்டும் கழித்து முன்பணத்தை 14 நாளில் திருப்பித் தரவேண்டும். அவர்கள் தயங்காமல் சேர்த்தார்கள்.